தண்ணீர் நின்ற சாலையில் வண்டி காட்டும் அறிகுறிகள்: செட்டிநாட்டு மழைக்காலத்துக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஐப்பசி பாதியில் தொடங்கிக் கார்த்திகை முடியும்வரை, காரைக்குடியில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஓடிவரும் வண்டிகளைவிடத் தள்ளிக்கொண்டு வரப்படும் வண்டிகளே அதிகம். அவற்றில் பலவற்றைத் தண்ணீர் மட்டும் கெடுத்திருக்காது. தண்ணீரில் நின்றுபோன பிறகு ஓட்டுநர் செய்த ஒரு செயல் கெடுத்திருக்கும். ஆகவே வண்டி காட்டும் அறிகுறியைப் பார்த்து, அடுத்து எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை, தண்ணீரின் கரையில் நிற்கும் நேரத்திலிருந்து மறுநாள் காலைவரை வரிசையாக எழுதுகிறேன். கியர் வண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் வழிமுறை மாறும் இடங்களில் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அறிகுறி: சாலை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை

நம் பக்கத்தில் சாலையில் சேரும் தண்ணீர் இரண்டு வகைப்படும். ஊருக்குள், தெருவின் தாழ்ந்த பகுதியில் மழைநீர் தேங்கி நிற்கும். ஊருக்கு வெளியே, கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாக மறுகால் பாயும்போதும், ஊருணிக்குப் போகும் வரத்துக்கால் பெருக்கெடுக்கும்போதும், தரைப்பாலத்தின் மேலே தண்ணீர் குறுக்காக ஓடும். இரண்டும் பார்வைக்கு ஒரே செம்மண் நிறத்தில் இருந்தாலும் அணுகும் முறை முற்றிலும் வேறு.

ஓடும் தண்ணீர் என்றால் வண்டியை இறக்கவே கூடாது. அரை அடி ஆழத்துக்கு வேகமாக ஓடும் தண்ணீர் நிற்கும் மனிதரின் காலையே வாரிவிடக்கூடியது; இரண்டு சக்கரத்தில் சமன் செய்துகொண்டு போகிறவரைப் பக்கவாட்டில் தள்ள அந்த அளவுகூடத் தேவையில்லை. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்ற ஐயம் இருந்தால், ஒரு வேப்ப இலையையோ காய்ந்த சுள்ளியையோ போட்டுப் பாருங்கள். அது சாலைக்குக் குறுக்காக நகர்ந்து போனால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். தரைப்பாலத்தின் இரு ஓரங்களிலும் கறுப்பு வெள்ளை அடித்து நட்டிருக்கும் கற்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், இலையைப் போட்டுப் பார்க்கும் வேலையும் தேவையில்லை. தண்ணீருக்கு அடியில் பாலத்தின் ஓரம் அரித்துப் போயிருக்கிறதா என்பதை மேலே நின்று யாராலும் சொல்ல முடியாது.

தேங்கி நிற்கும் தண்ணீருக்கு ஆழமே அளவுகோல். சக்கரத்தின் அச்சுவரைதான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டரின் சிறிய சக்கரத்தில் அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் இருக்கும். கியர் வண்டியில் ஏறக்குறைய ஓர் அடி. முன்னால் போகும் வண்டியின் சக்கரம் எவ்வளவு மூழ்குகிறது என்று நின்று கவனித்தால் ஆழம் தெரிந்துவிடும். போகிறவர் யாரும் இல்லை என்றால், நன்கு தெரிந்த தெருவாக இருந்தால் மட்டும், ஒரு கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்து பாருங்கள். அதற்கும் முன்பாக மின்கம்பமும் அறுந்த கம்பியும் அருகில் இருக்கின்றனவா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கம்பி தண்ணீரில் கிடந்தாலோ, காலை வைத்ததும் சுர்ரென்று ஏறினாலோ, உடனே பின்வாங்கி, பிறரையும் நிறுத்தி, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-ஐ அழையுங்கள். தண்ணீரில் ஒருவர் விழுந்து கிடந்தால், மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று உறுதியாகும்வரை அவரைத் தூக்கப் போகாதீர்கள்.

செட்டிநாட்டு ஊர்களுக்கு ஒரு வசதி உண்டு. தெருக்கள் ஒன்றுக்கொன்று இணையாக, நேராகப் போட்டவை. பெரிய வீடுகள் பலவற்றின் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். ஒரு தெரு தாழ்ந்து தண்ணீர் நின்றாலும் அடுத்த தெரு பெரும்பாலும் வழிவிடும். சுற்றிப் போகும் அந்த ஐந்து நிமிடத்தைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தண்ணீருக்குள் ஹேண்டில் இழுக்கிறது, வண்டி அலைகிறது

முன்சக்கரம் சேற்றிலோ குழியின் விளிம்பிலோ ஏறும்போது ஹேண்டில் ஒரு பக்கமாக இழுக்கும். அந்த நேரத்தில் முன்பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கி வண்டி சாய்ந்துவிடும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடவும் கூடாது. மெல்லக் குறைத்து, ஹேண்டிலை முரட்டுத்தனமாகத் திருப்பாமல் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, நடக்கும் வேகத்துக்குச் சற்று மேலான ஒரே வேகத்தில் போக வேண்டும். தார்ச்சாலையின் நடுப்பகுதி பொதுவாக ஓரத்தைவிட உயரமாக இருக்கும் என்பதால் நடுவே போவது நல்லது. சாலையோரத்துச் செம்மண் மழையில் களிபோல வழுக்கும். தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் சுழித்துக்கொண்டு இறங்கினால், அதற்கு அடியில் மூடியில்லாத வடிகால் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

பேருந்தோ லாரியோ எதிரே வந்தால், தண்ணீருக்குள் இறங்காமல் கரையிலேயே காத்திருங்கள். அது தள்ளிக்கொண்டு வரும் அலை, நின்ற தண்ணீரின் மட்டத்தைவிடக் கணிசமாக உயரும். அச்சுவரை இருந்த தண்ணீர் ஒரு நொடியில் ஏர் ஃபில்டர்வரை எட்டுவது அப்படித்தான்.

அறிகுறி: இன்ஜின் இருமுகிறது, விட்டுவிட்டு ஓடுகிறது

இந்த நிலையில் வண்டி இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. தண்ணீர் தெறித்துப் பிளக் கேப்புக்குள் புகுந்தால் பொறி ஒழுங்காக விழாது. பட்டறையில் இதை 'மிஸ்ஸிங்' என்போம். சைலன்சரின் வாய் மூழ்கியிருந்தாலும் புகை வெளியேற முடியாமல் இன்ஜின் திணறும். கியர் வண்டியானால் முதல் கியரிலேயே இருந்து, ஆக்சிலரேட்டரைச் சற்றே முறுக்கிய நிலையில் வைத்துக்கொண்டு, வேகம் கூடாதபடி கிளட்சைப் பாதி பிடித்துக் கட்டுப்படுத்துங்கள். புகை தொடர்ந்து வெளியேறிக்கொண்டிருந்தால் சைலன்சருக்குள் தண்ணீர் ஏறாது. தண்ணீருக்குள் கியர் மாற்றவும் வேண்டாம், ஆக்சிலரேட்டரை முழுவதும் விடவும் வேண்டாம்.

ஸ்கூட்டரில் இன்ஜின் சத்தம் மட்டும் கூடி வண்டி நகரவில்லை என்றால் பெல்ட் நனைந்து வழுக்குகிறது. முறுக்க முறுக்கப் பெல்ட் தேயும், வண்டி போகாது. இன்ஜினை நிறுத்திவிட்டு, இறங்கிக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போய், மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி அரை மணி நேரம் தண்ணீர் வடிய விடுங்கள். பிறகும் வழுக்கினால் இடப்பக்க மூடியைக் கழற்றித் துடைத்தாக வேண்டும்; அது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை.

அறிகுறி: தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டது

மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். செல்ஃப் பொத்தானைத் தொடாதீர்கள். கிக்கரையும் மிதிக்காதீர்கள். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இறங்குங்கள்.

காரணம் எளியது. இன்ஜினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறும்போது காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை அழுத்துகிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஏர் ஃபில்டர் வழியாகவோ, நின்றவுடன் சூடு தணிந்து உள்ளிழுக்கும் சைலன்சர் வழியாகவோ தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், செல்ஃப் மோட்டார் பிஸ்டனை அந்தத் தண்ணீரின் மேல் மோதவைக்கும். வழிவிட வேண்டியது ஏதாவது ஒன்று. அது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடாக இருக்கும். இம்மியளவு வளைந்தாலும் இன்ஜினைப் பிரிக்காமல் வேறு வழியில்லை.

சென்ற பருவமழையின்போது ஒரே மாலையில், பள்ளத்தூர்ப் பக்கத்தில் ஒரே இடத்தில் நின்றுபோன இரண்டு 110 சிசி ஸ்கூட்டர்கள் எங்களிடம் வந்தன. முதலாவது ஒரு பள்ளி ஆசிரியையின் வண்டி. கால் வைக்கும் தளம்வரை தண்ணீர் ஏறியிருக்கிறது.

“எத்தனை தடவை செல்ஃப் போட்டீங்கக்கா?” என்று கேட்டேன்.

“மூணு தடவை தம்பி. ரெண்டு தடவை சுத்துச்சு. மூணாவது தடவை டக்குன்னு ஒரு சத்தம், அப்புறம் அசையவே இல்ல. இருட்டிருச்சு, புள்ள வேற பின்னாடி உக்காந்திருந்தான், வேற என்ன செய்யறதுன்னு தெரியல.”

அந்த ஒற்றை 'டக்' சத்தம்தான் அடையாளம். பிஸ்டன் தண்ணீரில் முட்டி நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மெல்ல இறக்கியபோது, பிளக் துளையிலிருந்து தண்ணீர் என் முழங்கை உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. தண்ணீரை முழுவதும் வெளியேற்றி, ஆயில் மாற்றி, இயக்கிப் பார்த்தபோது வண்டி ஓடத்தான் செய்தது. ஆனால் இழுவையும் இல்லை, அடியில் தட்டும் சத்தமும் நிற்கவில்லை. பிரித்துப் பார்த்தோம், ராடு வளைந்திருந்தது. இன்ஜினின் அடிப்பகுதி முழுவதையும் பிரித்துச் சேர்க்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது வண்டியின் சொந்தக்காரர் ஓர் இளைஞர். நின்றவுடன் சாவியை அணைத்து, அரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தார். அவருடைய வண்டியிலும் பிளக் துளை வழியாகத் தண்ணீர் வரத்தான் செய்தது. அதைக் கிக்கரால் வெளியேற்றி, ஏர் ஃபில்டரை மாற்றி, ஆயிலை மாற்றி அன்றிரவே அனுப்பிவிட்டோம். அதே தண்ணீர், அதே ஆழம். ஆசிரியையின் மீது எந்தக் குறையும் இல்லை. பொத்தானை அமுக்கக் கூடாது என்று வண்டி வாங்கும்போது யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

வண்டியைக் கரையேற்றிய பிறகு செய்ய வேண்டியவை வருமாறு. இவற்றைச் செய்ய வண்டியோடு வரும் பிளக் ஸ்பேனரும் ஒரு காய்ந்த துணியும் போதும்.

மெயின் ஸ்டாண்டில் சமதளத்தில் நிறுத்துங்கள். முதலில் இன்ஜின் ஆயில் அளவுக் குச்சியைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் பால் ஊற்றிய தேநீரின் நிறத்தில் இருந்தாலோ, அளவு வழக்கத்தைவிட உயர்ந்திருந்தாலோ, ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. அத்தோடு நிறுத்திவிட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு போக ஏற்பாடு செய்யுங்கள். ஆயில் தெளிவாக இருந்தால் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும் வாய்ப்புக் குறைவு. பிளக் கேப்பைக் கழற்றி உள்ளும் புறமும் துடைத்து மாட்டினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

பெட்டிக்குள் ஈரம் இருந்தால் பிளக்கைக் கழற்றியே ஆக வேண்டும். பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணையும் தண்ணீரையும் முதலில் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த மண் துளை வழியே உள்ளே விழும். பிளக்கைக் கழற்றியபின், சாவி அணைந்த நிலையிலேயே, கிக்கரைக் கையாலோ காலாலோ மெதுவாகப் பத்துத் தடவை இறக்குங்கள். சாவி அணைந்திருப்பது முக்கியம், ஏனென்றால் திறந்த துளை வழியாகப் பெட்ரோல் ஆவியும் வெளிவரும்; அருகில் பொறியும் இருக்கக் கூடாது, பீடியும் இருக்கக் கூடாது. துளைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். தண்ணீர் வருவது நின்றபின் பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, முதலில் கையால் திருகி மாட்டி, பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள்.

புதிய கியர் வண்டிகள் பலவற்றில் கிக்கர் இல்லை. அவற்றில் பிளக்கைக் கழற்றிவிட்டு, மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, மேல் கியரைப் போட்டு, பின்சக்கரத்தை டயரைப் பிடித்துக் கையால் சுற்றினால் பிஸ்டன் மேலும் கீழும் போய்த் தண்ணீரை வெளியே தள்ளும். கை விரல்களைச் செயினுக்கு அருகே கொண்டுபோக வேண்டாம். கிக்கர் இல்லாத ஸ்கூட்டருக்கு இந்த வழி பொருந்தாது. அதை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

நனைந்த காகித ஃபில்டரை வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டுவதைப் பலர் செய்கிறார்கள். காகிதம் ஊறி அதன் மடிப்புகள் ஒட்டிக்கொண்டபின் அது காற்றை ஒழுங்காக விடாது. மாற்றுவதே சரி. ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் சாலையின் செம்மண் தூசி நேராகச் சிலிண்டருக்குள் போகும்.

அறிகுறி: தண்ணீரைத் தாண்டியபின் பிரேக் பிடிக்கவில்லை

இன்ஜின் நின்றால் பணம்தான் போகும். பிரேக் பிடிக்காவிட்டால் உயிர் போகும். டிரம் பிரேக்கின் கூண்டுக்குள் தண்ணீர் புகுந்தால், லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடையே ஈரம் படர்ந்து உராய்வு குறைந்துவிடும். லீவர் வழக்கம்போல இறங்கும், வண்டி மட்டும் நிற்காது. டிஸ்க் பிரேக்கில் பேடு தட்டைத் துடைத்துவிடுவதால் ஓரிரு தடவை பிடித்ததும் பழைய நிலைக்கு வரும். டிரம்முக்கு அப்படி நடக்காது.

தண்ணீரை விட்டு வெளியே வந்ததும், பின்னால் வண்டி எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, சாலையின் இடது ஓரத்தில், 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். ஆக்சிலரேட்டரை லேசாக முறுக்கியபடியே பின்பிரேக்கை மெல்லத் தொட்டு, ஐந்தாறு நொடி பிடித்து விடுங்கள். பிறகு முன்பிரேக்கையும் அதேபோல மிக மெல்ல. இப்படி நூறு இருநூறு மீட்டர் போனால் உராய்வுச் சூட்டில் ஈரம் காயும். லீவரை அழுத்தும்போது வண்டி பின்னிழுக்கிற உணர்வு திரும்பிவிட்டதா என்று பார்ப்பதே சோதனை. அழுத்திப் பிடித்துச் சோதிக்கக் கூடாது: பாதி காய்ந்த லைனிங் திடீரென்று கவ்வினால் ஈரச் சாலையில் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் அமைப்பு இருக்கிறது. ஸ்கூட்டரில் அது இடக்கை லீவர். பின்பிரேக் என்று நினைத்து அதை அழுத்தினால் முன்சக்கரமும் சேர்ந்தே பிடிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அதையும் மெல்லவே தொடுங்கள்.

இருநூறு மீட்டர் போன பிறகும் பிடிப்புத் திரும்பவில்லை என்றாலோ, 'கரகர' என்று அரைக்கும் சத்தம் கேட்டாலோ, டிரம்முக்குள் மணல் சேர்ந்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்யும்வரை நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

அறிகுறி: மறுநாள் காலையில் புதிதாக ஏதோ ஒன்று

முந்தைய நாள் நன்றாகவே வீடு வந்து சேர்ந்த வண்டியும் காலையில் வேறு முகம் காட்டும். பிரேக் பிடித்த நிலையில் பூட்டி நிறுத்தியிருந்தால், லைனிங் டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொண்டு சக்கரம் சுற்றாது; மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் விடுபடும். மழைநாள் இரவுகளில் பிரேக் பூட்டு போடாமல் ஸ்டாண்டில் மட்டும் நிறுத்துங்கள். கியர் வண்டியின் செயினில் மேலோடிய செம்மண் நீர் காய்ந்து துருவாக நிற்கும். துடைத்து ஆயில் விட்டாலே போதும். சில நாள் கழித்துச் சக்கரத்திலிருந்து ஒரு மெல்லிய உறுமல் கேட்கத் தொடங்கினால் பேரிங்கில் தண்ணீர் புகுந்திருக்கிறது.

இரவு தெளிவாக இருந்த ஆயில், வண்டி ஆறியபின் காலையில் வெளுத்திருக்கக்கூடும். ஆகவே இயக்குவதற்கு முன்பு அளவுக் குச்சியை இன்னொரு தடவை பாருங்கள். வெளுத்திருந்தால் ஒரு தடவை ஆயில் மாற்றுவது போதாது. பழைய ஆயிலைச் சூடாக்காமலே வடித்து, விலை குறைந்த புது ஆயிலை ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் மட்டும் மெதுவாக ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு, பிறகுதான் உரிய ஆயிலை ஊற்ற வேண்டும். ஸ்கூட்டரில் பின்சக்கரத்துக்கு அருகே தனியாக ஒரு கியர் ஆயில் இருக்கிறது. மழையில் நனைந்த வண்டிக்கு அதையும் திறந்து பார்க்கும்படி மெக்கானிக்கிடம் நீங்களே கேளுங்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் பார்க்க மாட்டார்கள்.